அயோடினா, தோரியமா? விண்மீனின் தள்ளாட்டத்தை அளக்க இரண்டு வழிகள்

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது நம்ம ஊர்த் தொலைநோக்கி. அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள் தேடுவதானால் எந்த முறையை எடுப்பது என்று யோசித்ததில் எழுதியது இது.

கோள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இழுக்கிற இழுப்பில் விண்மீன் நம் பக்கம் வரும்போது, அதன் நிறமாலையில் உள்ள கறுப்புக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம். 1995-இல் சுவிஸ் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கோள் கண்ட 51 பெகாசி விண்மீன் 4.23 நாளுக்கு ஒருமுறை வினாடிக்கு 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடியது. கோட்டின் நகர்வு, அலைநீளத்தில் ஏறக்குறைய 53 லட்சத்தில் ஒரு பங்கு.

சிக்கல் நிறமாலையைப் பதிக்கும் கருவியில்தான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினாலே காற்றின் ஒளிவிலகல் மாறி, கோடுகள் வினாடிக்குச் சுமார் 80 மீட்டர் அளவுக்கு நகர்ந்ததுபோல் காட்டும். நம் பகுதியில் அழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கி, 3 மில்லிபார் வரை மாறும். அதாவது, சும்மா இருக்கும் விண்மீனுக்கும் ஒரு பொய்க் கோள் முளைத்துவிடும்.

அயோடின் முறையில், விண்மீன் ஒளி ஐம்பது அறுபது டிகிரிச் சூட்டில் உள்ள அயோடின் ஆவிக் குப்பி வழியாகப் போகும். அயோடினின் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் அதே ஒளிமேல் பதியும். கருவி அசைந்தால் இரண்டு கோடுகளும் சேர்ந்தே அசையும். விண்மீன் அசைந்தால் அதன் கோடுகள் மட்டும் விலகும். விலை என்னவென்றால், குப்பி ஒளியில் ஒரு பங்கை விழுங்கும், பச்சை முதல் ஆரஞ்சு வரைதான் உதவும், குப்பி இல்லாமல் தனியாக ஒரு நிறமாலையும் எடுத்தாக வேண்டும்.

தோரியம்-ஆர்கான் முறையில் குப்பி இல்லை. ஓர் ஒளியிழையில் விண்மீன், பக்கத்து இழையில் தோரியம்-ஆர்கான் விளக்கு; அதன் கோடுகள்தான் அளவுகோல். ஒளி வீணாகாது, நீலப் பகுதியும் கிடைக்கும். ஆனால் இரண்டு இழைகளும் ஒரே மாதிரி அசைகின்றன என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குத்தான் வெப்பத்தைக் கட்டுப்படுத்திய அறை, இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் வெற்றிடத் தொட்டி. அபு மலையில் உள்ள பாரஸ் கருவி இந்த வகைதான், 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு 2018-இல் ஒரு கோளின் எடையை அளந்தது.

51 பெகாசியின் ஆட்டத்தை மேயர் குழு கண்டது தோரியத்தால். சில வாரங்களில் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் மார்சியும் பட்லரும் அயோடினால் உறுதி செய்தார்கள். ஒரே ஆட்டத்தை இரு வேறு வழிகள் காட்டியதால் சந்தேகம் கருவிமேல் இல்லாமல் போனது.

என் தேர்வு இது: ஏற்கெனவே இருக்கும் கருவி, பிரகாசமான விண்மீன், வியாழன் அளவுக் கோள் என்றால் அயோடின். மங்கலான விண்மீனோ சிறிய கோளோ என்றால், தொட்டி கட்டப் பணம் வரும்வரை காத்திருந்து தோரியம்.

அப்புறம், இரண்டு முறையாலும் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. விண்மீனின் கரும்புள்ளி சுழன்று வந்தாலும் கோடு ஆடும். ஆனால் அப்போது கோடு முழுதாக நகராது, ஒரு பக்கம் சாயும்; அந்தச் சாய்வு விண்மீன் சுழலும் கால அளவிலேயே திரும்பத் திரும்ப வரும். அதனால் வேகத்தை நம்புமுன் கோட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.