எந்தத் திருத்தம் மதிப்பெண்ணை ஏற்றியது? ரெஸ்யூமே கருவியோடு ஓராண்டு

வேலை விளம்பரத்தையும் ரெஸ்யூமேயையும் ஒப்பிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் இணையக் கருவி ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். நான் கணக்குத் துறைக்காரன். எல்லாத் திருத்தத்தையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு மதிப்பெண் பார்த்தால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது. அதனால் ஒரு நகலுக்கு ஒரு திருத்தம்தான் செய்கிறேன்.

அண்மையில் பார்த்த ஓர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் விளம்பரத்தைச் சொல்கிறேன். TallyPrime கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்னான GSTR-3B தாக்கல், சப்ளையர் பில்களைக் காட்டும் GSTR-2B அறிக்கையின் ஒப்பீடு, TDS, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் BRS ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். முதலில் விளம்பரத்திலிருந்த நிறுவன அறிமுகம், விடுமுறை, காப்பீடு பற்றிய வரிகளை நீக்கினேன். இல்லாவிட்டால் அந்தச் சொற்களையும் கருவி தேடும். மீதியைச் சேமித்து, ஒவ்வொரு முறையும் அதையே ஒட்டினேன். அப்புறம் கைவைக்காத ரெஸ்யூமேயை இரண்டு முறை ஏற்றிப் பார்த்தேன். இரண்டு முறையும் 54. மாறாத கோப்புக்கே மதிப்பெண் ஆடினால், பிறகு வரும் சின்ன ஏற்றங்களை நம்ப முடியாது.

மேலே உள்ள அறிமுகப் பத்தியை மெருகேற்றியதில் கிடைத்தது 55. 'ஜிஎஸ்டி வேலைகள்' என்ற வரியை எடுத்துவிட்டு, மாதந்தோறும் GSTR-2B-யைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைச் சப்ளையரிடம் கேட்டுச் சரிசெய்த பின் GSTR-3B தாக்கல் செய்ததை எழுதியதும் 63. பக்கத்தை இடம், வலம் என்று பிரித்த இரண்டு நெடுவரிசை அமைப்பை ஒற்றை நெடுவரிசையாக மாற்றிய நகலோ 66 தொட்டது. அதில் ஒரு சொல்கூடப் புதிதில்லை. காரணம் தெரிய, பழைய பிடிஎஃப்பில் எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இடப்பக்கத் திறன் பட்டியல் வலப்பக்க வரிகளுக்குள் புகுந்து, TDS-க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தேதி நிற்கும். கருவி அதைத்தான் படித்திருக்கிறது.

மூன்றையும் சேர்த்த நகலுக்கு 76 வரும் என்று கணக்குப் போடலாம். வந்தது 72. ஜிஎஸ்டி வேலை பற்றிய வாக்கியத்தில் புதிதாகச் சேர்த்த சில சொற்கள் திறன் பட்டியலில் ஏற்கனவே இருந்தவை. ஒற்றை நெடுவரிசையாக்கியதும் அவை தாமாகவே வெளியே வந்துவிட்டன. ஆகவே கடைசி நகலிலிருந்து ஒவ்வொரு திருத்தத்தையும் தனியாகக் கழற்றிப் பார்ப்பேன். அறிமுகப் பத்தியைப் பழையபடி வைத்தாலும் 72தான். அந்த மெருகுக்கு இனி நேரம் செலவழிக்கப் போவதில்லை.

ஒரு குறை. GSTR-2B என்பதைத் திறன் பட்டியலில் வெறுமனே போட்டாலும் அதே மதிப்பெண் கிடைக்கிறது. செய்த வேலையை விளக்கிய வரிக்கும் வெறும் சொல்லுக்கும் கருவிக்கு வேறுபாடு தெரியவில்லை. நேர்காணலில் எதிரே உட்காருபவரோ செய்த வேலையைப் பற்றித்தான் கேட்பார். எனவே மதிப்பெண் சமமாக இருந்தாலும் விளக்கிய வரியையே வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் 'இருந்தால் நல்லது' என்று SAP மென்பொருளும் இருந்தது. நான் அதில் வேலை பார்த்ததில்லை, சேர்க்கவில்லை.