சீனச்சாடியின்ட வயசு: அடியில இருக்கிற முத்திரைய நம்பவா, கிளேஸ நம்பவா?

ஆரையம்பதியில பெரியம்மாட அலுமாரிக்கு மேல ஒரு நீலச் சாடி கனகாலமா நிக்குது, நீலத்துக்குள்ள வெள்ளைப் பூ, கவிட்டுப் பார்த்தா அடியில நீலத்தில ரெட்டை வட்டம், அதுக்குள்ள நாலு சீன எழுத்து. தம்பி போனில தேடிப்போட்டு, இது காங்ஷி ராசாட பேர், அவர் ஆண்டது 1662ல இருந்து 1722 வரைக்கும், அப்ப சாடிக்கு முந்நூறு வருசம் எண்டு நிக்கிறான். நான் சொல்றது 1880க்கும் 1910க்கும் இடையில எண்டு.

முத்திரைய மட்டும் வச்சுப் பார்த்தா தம்பி சொல்றது சரி மாதிரித்தான் தெரியும். ஆனா 1677ல, சீனாவில பீங்கான் செய்யிற ஜிங்டெஜென் ஊர் அதிகாரி, ராசாட பேர சாமான்ல எழுதக் கூடாது எண்டு தடை போட்டவர், அதால உண்மையான காங்ஷி காலத்து ஏற்றுமதிச் சாமான் கனத்துல வெறும் ரெட்டை வட்டம் மட்டும் இருக்கும், இல்லாட்டி ஒரு இலையோ வேற சின்னமோ இருக்கும். இந்த நாலெழுத்து காங்ஷி முத்திரை மலிஞ்சு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில, பழைய ராசாவுக்கு மரியாதையா எழுதினதும் இருக்கு, விற்கிறதுக்கு எழுதினதும் இருக்கு. அதால நாலெழுத்தக் கண்டா முதல்ல பிந்தின காலத்தத்தான் நினைக்கோணும்.

இன்னொரு வாதமும் வந்தது, ‘சைனா’ எண்டு இங்கிலீஷ்ல அடிக்கல்ல, அப்ப 1891க்கு முந்தினது எண்டு. செஞ்ச நாட்டுப் பேர சாமான்ல இங்கிலீஷ்ல போடோணும் எண்டு 1891ல நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குப் போற சாமானுக்கு, எங்கட கரைக்கு வந்த சாடிக்கு அது ஒண்டும் சொல்லாது.

மறுகா கிளேஸ், அதான் சாடிக்கு மேல கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பூச்சு. ஜன்னலடியில சரிச்சுப் பிடிச்சு வெளிச்சம் வழுக்கி ஓடுறதப் பார்த்தன். காங்ஷி காலத்து நல்ல சாமான்ல கிளேஸ் மெல்லிசா உடம்போட ஒட்டி நிக்கும், நீலம் ஒரு பூச்சுக்கு மேல ஒரு பூச்சா கடுமையும் மெதுவுமா மாறி வரும், பூவுக்குப் பின்னால வெடிச்ச ஐஸ் மாதிரி கோடுகள் அந்த நீலத்துக்குள்ளயே உயிரோட கிடக்கும். எங்கட சாடியில கிளேஸ் தடிப்பு, தோடம்பழத் தோல் மாதிரி மேடுபள்ளம், ஊசிக்குத்து ஓட்டைகள், நீலம் ஒரே தட்டையா ஊதாப் பக்கம் போகுது, ஐஸ் கோடுகள் அவசரமா இழுத்தது. அடி வளையத்தில கிளேஸ் இல்லாத இடத்த விரலால தடவினா சொரசொரப்பு, பழையதில அத நல்லாச் செதுக்கி வழுவழுப்பாக்கி விட்டிருப்பாங்க.

எனக்கு முத்திரையவிட கிளேஸும் அடி வளையமும்தான் பெரிய சாட்சி, ஏனெண்டா நாலு எழுத்த ஆரும் பார்த்து எழுதலாம், செதுக்கின கைய அப்படிக் கொப்பி பண்ணுறது கஷ்டம். ஆனா கிளேஸுக்கும் எல்லை இருக்கு: காங்ஷி காலத்திலயே மலிவுச் சாமானும் செஞ்சவங்க, அதால ஊசிக்குத்து ஓட்டை ஒண்ட மட்டும் கண்டு முடிவு கட்ட ஏலாது, எல்லா அடையாளமும் ஒரே பக்கம் சாயோணும். அடியில இருக்கிற கறுப்பு ஊத்தையையும் நம்பாதீங்க, தேயிலைச் சாயத்தாலயும் அது வரும், லென்ஸ் வச்சுப் பார்த்தா உண்மையா தேய்ஞ்ச கீறல்கள் எல்லாத் திசையிலயும் ஓடும், உரசி வச்சதெண்டா ஒரே திசையில கிடக்கும்.