மேகம் மூடிய 3 டிகிரியா, தெளிந்த வானத்து 3 டிகிரியா?

ஏற்காட்டில் 3 டிகிரி அபூர்வம்தான். அப்படி முன்னறிவிப்பு வந்தால் வானத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரவு முழுக்கத் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே விட்டுக்கொண்டிருக்கும். தாழ்வான, அடர்ந்த மேகம் அதை உறிஞ்சி, கணிசமான பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்பும். அன்று உறைபனிப் பயம் பெரும்பாலும் இல்லை. உயரத்தில் திரியும் மெல்லிய மேகத்தை நம்ப வேண்டாம்.

வானம் தெளிந்து காற்றும் அசையாவிட்டால் கதை வேறு. அந்த 3 டிகிரி, தரைக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளக்கும் காற்றின் வெப்பநிலை. புல்லின் நுனி அதைவிட 4 டிகிரி குறைந்து, மைனஸ் 1-ஐத் தொடலாம். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டிலுள்ள நாற்றங்கால் தப்பினாலும் பள்ளத்துப் பாத்தி வெளுத்துவிடும். நானாக இருந்தால் பள்ளத்து நாற்றுகளுக்குச் சாயங்காலமே சாக்கு போர்த்திவிடுவேன்.