கொசுவா, நுளம்பா: ஒரே டெங்கு துண்டுப்பிரசுரம், நான்கு நாட்டு வாசகர்கள்

டெங்கு தடுப்பு பற்றி ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோலாலம்பூர் நான்கு இடத்திலும் அதைக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நோய் ஒன்று, சொல்ல வேண்டிய செய்தியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது கொசு, இலங்கையில் நுளம்பு. நோயின் பெயர்கூட ஒன்றாக இல்லை. தமிழ்நாடும் இலங்கையும் டெங்கு என்கின்றன, சிங்கப்பூரில் டெங்கி என்று எழுதுகிறார்கள், மலேசிய நாளேடுகளில் டிங்கி என்றும் பார்க்கலாம்.

இந்த மாதிரி வேலை வரும்போது மூன்று வழிகள் பேசப்படும். எல்லோருக்கும் ஒரே பொதுத்தமிழ், அடைப்புக்குறியில் மாற்றுச் சொல், நாட்டுக்கொரு தனிப் பதிப்பு. மூன்றிலும் நான் எழுதிப் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் சறுக்கியும் இருக்கிறேன்.

பொதுத்தமிழ் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காய்ச்சல், வாந்தி, தண்ணீர், கிணறு, வாளி, மூடி என்று நான்கு நாட்டுக்கும் பொதுவான சொற்கள் நிறையவே உண்டு. சிக்கல் எங்கே என்றால், துண்டுப்பிரசுரத்தின் உயிரான சொற்களில்தான் பொது என்பது கிடைப்பதில்லை. கொசுவுக்கும் நுளம்புக்கும் நடுவில் மூன்றாவது சொல் கிடையாது. ‘பூச்சி’ என்று மழுப்பினால் கரப்பான் பூச்சியும் அதில் அடங்கும். அப்போது எழுதுகிறவர் தனக்குப் பழகிய சொல்லையே ‘பொது’ என்று எடுத்துக்கொள்கிறார். நடைமுறையில் அது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொல்லாக இருக்கும்.

‘இலங்கையில் கொசு என்றால் புரியாதா?’ என்று கேட்பார்கள். நன்றாகவே புரியும். தமிழ்நாட்டுச் சினிமாவும் வார இதழ்களும் அங்கே போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. எதிர்ப்பக்கம்தான் அப்படி இல்லை, மதுரையில் நுளம்பு என்றால் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் புரிவது வேறு, தன் வீட்டு முற்றத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று படுவது வேறு. கொசு என்று தொடங்கும் தாளை யாழ்ப்பாணத்தில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த ஏதோ ஒன்று என்று மடித்து வைத்துவிட்டால், தாள் அச்சடித்த காசு வீண்.

புரியாத சொல்கூடப் பெரிய ஆபத்து இல்லை, வாசகர் நின்று யோசிப்பார். இரண்டு நாட்டிலும் வழக்கில் இருந்து, இரண்டு பொருள் தரும் சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. இலங்கையில் கிழமை என்றால் வாரம். ‘கிழமைக்கு ஒரு தடவை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்’ என்பது அங்கே தெளிவான வாக்கியம். தமிழ்நாட்டில் கிழமை என்றால் திங்களோ செவ்வாயோதான், ‘எந்தக் கிழமைக்கு?’ என்று தோன்றும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு முறை கழுவச் சொல்கிறோம். அந்த ஒரு சொல் குழம்பினால் துண்டுப்பிரசுரத்தின் முக்கியமான அறிவுரையே போய்விடுகிறது.

பாவனை அதைவிட வேடிக்கை. இலங்கையில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல். ‘பாவனையில் இல்லாத கிணறுகளை மூடிவையுங்கள்’ என்று சாதாரணமாக எழுதுவார்கள். தமிழ்நாட்டு வாசகருக்குப் பாவனை என்பது நடிப்பு, முகபாவம். கிணறு எப்படிப் பாவனை செய்யும்? தடிமன் இலங்கையில் சளி, தமிழ்நாட்டில் பலகையின் கனம். அவதானம் அங்கே ‘கவனம்’, இங்கே ஒரே நேரத்தில் பல கேள்விகளை நினைவில் வைத்துப் பதில் சொல்லும் வித்தை. பீலி அங்கே கூரையோரம் மழைநீர் வடியும் தகரக் கால்வாய், இங்கே மயிலிறகு. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த வகைச் சொற்களை முதலில் தனியாகப் பட்டியல் போட்டுவிட வேண்டும். பொதுப் பதிப்பு என்றால் இவற்றில் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது.

சரி, அடைப்புக்குறி வழி. ‘கொசு (நுளம்பு) வளராமல் இருக்கக் கொட்டாங்குச்சி (சிரட்டை), பூந்தொட்டி (பூச்சாடி) ஆகியவற்றில் தேங்கும் நீரை அகற்றி, காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு (வைத்தியசாலைக்கு)ச் செல்லுங்கள்.’ சத்தமாகப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கும். யாருக்கும் சொந்தமில்லாத தாள் இது, இரண்டு பக்கத்து வாசகரும் பாதிச் சொற்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கடைசி ‘ச்’ அடைப்புக்குறிக்கு வெளியே அனாதையாக நிற்பதையும் பாருங்கள். இந்த வழிக்கு உரிய இடம் ஒன்றுதான்: ஈழத்தவரும் தமிழ்நாட்டவரும் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கும் இடம், உதாரணத்துக்கு லண்டனிலோ டொராண்டோவிலோ ஒரு தமிழ்ச் சங்கக் கூட்டம். அங்கேயும் முதல் முறை வரும்போது மட்டும் ‘கொசு அல்லது நுளம்பு’ என்று எழுதிவிட்டு, பிறகு ஒன்றையே வைத்துக்கொள்ளலாம்.

தனிப் பதிப்புதான் வாசகருக்கு நல்லது. எழுதுகிறவருக்கு அது தலைவலி, முதல் தலைவலி கணினியில் ஆரம்பிக்கும். கொசு வரும் இடமெல்லாம் நுளம்பு என்று ஒரே தட்டில் மாற்றினால் ‘நுளம்புவை’ என்றும் ‘நுளம்புக்கள்’ என்றும் வந்து நிற்கும். கொசு என்பதில் ஒற்றைக் குறிலுக்கு அடுத்து உகரம் வருவதால் அது முழு உகரம், வேற்றுமை சேரும்போது கொசுவை, கொசுவால் என்று இடையில் வகரம் வரும். நுளம்பு குற்றியலுகரம், உகரம் போய் நுளம்பை, நுளம்பால் என்று ஆகும். டெங்குவை டெங்கி ஆக்கினாலும் இதே கதை, ‘டெங்கிவைத் தடுப்போம்’ என்று தலைப்பிலேயே பல்லிளிக்கும். மருத்துவமனையை வைத்தியசாலை ஆக்குவதும் மாத்திரையைக் குளிசை ஆக்குவதும் மட்டும் தொந்தரவில்லாமல் நடக்கும், எல்லாமே ஐகாரத்தில் முடிவதால்.

இரண்டாவது தலைவலி பராமரிப்பு. நான்கு கோப்புகள் இருந்தால், ஒன்றில் திருத்திய மருந்து வரி மற்ற மூன்றில் பழையபடியே கிடக்கும். ஒரு முறை எனக்கே நேர்ந்தது, அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் கண்ணில் பட்டதால் தப்பித்தேன்.

அதனால் நான் இப்போது செய்வது நடுவழி: உடல் இரண்டு, வால் நான்கு. தமிழ்நாடு, சிங்கப்பூர், மலேசியா மூன்றுக்கும் ஒரு உடல். இலங்கைக்கும் அங்கிருந்து புலம்பெயர்ந்தோருக்கும் இன்னொரு உடல். எங்கே போக வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்ற கடைசிப் பகுதி மட்டும் நாட்டுக்கு ஒன்று. ஒரே பத்தியின் இரண்டு உடல்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு:

‘வாரம் ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கொட்டாங்குச்சி, பழைய டயர், பயன்படுத்தாத ஆட்டுக்கல் ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காய்ச்சலோடு கடுமையான தலைவலியோ வாந்தியோ இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் பாரசிட்டமால் தவிர வேறு மாத்திரை சாப்பிட வேண்டாம்.’

இலங்கைக்கு:

‘கிழமைக்கு ஒரு தடவை வீட்டையும் வளவையும் சுற்றிப் பாருங்கள். சிரட்டை, பழைய டயர், கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கியுள்ள நீரை அகற்றுங்கள். காய்ச்சலோடு கடுமையான தலையிடியோ வாந்தியோ இருந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வைத்தியரைக் கேட்காமல் பரசிட்டமோல் தவிர வேறு குளிசைகளைப் பாவிக்க வேண்டாம்.’

சொற்கள் மட்டும் மாறவில்லை. ஆட்டுக்கல் போய்க் கூரைப் பீலி வந்திருக்கிறது, வீட்டைச் சுற்றியுள்ள இடமான வளவு சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூருக்குப் போகும்போது முதல் உடலிலேயே ஆட்டுக்கல்லை எடுத்துவிட்டு, அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போட மூங்கில் கழி செருகும் குழாயைச் சேர்க்க வேண்டும். அதற்குள் மழைநீர் நின்றால் கொசு வளரும். கொட்டாங்குச்சியைத் தேடச் சொன்னால் பத்தாவது மாடியில் இருப்பவர் சிரிப்பார். சொல்லை மாற்றி, பொருளை மாற்றாமல் விட்ட பதிப்புகள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

வாலில் வருவது பெரும்பாலும் பெயர்களும் எண்களும்தான். தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளர், இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தமிழ்நாட்டில் மாநகராட்சி, ஊராட்சி. இலங்கையில் மாநகர சபை, பிரதேச சபை. சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம். சென்னையில் சுகாதாரத் துறை என்பதை மற்ற மூன்று நாடுகளிலும் சுகாதார அமைச்சு என்பார்கள். ஆம்புலன்ஸ் எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. இவற்றை நினைவிலிருந்து எழுதக் கூடாது, அந்தந்த அலுவலகம் தன்னைத் தமிழில் எப்படி எழுதிக்கொள்கிறதோ அப்படியே எடுத்துப் போட வேண்டும்.

எழுத்துப் பழக்கத்தைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். சொல்லெல்லாம் சரியாக இருந்தும் தாள் வெளியூர் வாடை அடிப்பது இதனால்தான். ஆங்கில ஒகரத்தைத் தமிழ்நாடு ஆகாரமாகக் கேட்கிறது, இலங்கை ஒகரமாகவே கேட்கிறது. டாலர், டொலர். டாக்டர், டொக்டர். பாரசிட்டமால், பரசிட்டமோல். மாதப் பெயர்களிலும் இது தெரியும்: இங்கே ஆகஸ்ட், அக்டோபர் என்றால் அங்கே ஓகஸ்ட், ஒக்டோபர். ஃபிரிட்ஜ் என்று ஆய்தம் போட்டு எழுதும் வழக்கம் தமிழ்நாட்டுடையது, இலங்கையில் குளிர்சாதனப் பெட்டி என்று எழுதிவிடுவார்கள். தமிழ்நாட்டு நாளேடுகள் ரத்தம், லட்சம் என்று எழுத, இலங்கையில் இரத்தம், இலட்சம் என்று இகரத்தோடு வரும். இங்கே இணையதளம், அங்கே இணையத்தளம். டொராண்டோவை ஈழத்து வழக்கில் ரொறன்ரோ என்று எழுதுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இதில் எது சரி என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. ஒரு தாளுக்குள் இரண்டும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். கலப்பு எப்போதும் கடைசி நேரத்தில் ஒட்டிய வரிகளில்தான் நுழையும். அதனால் இலங்கைப் பதிப்பை அனுப்புமுன் கோப்பில் ஆறு சொற்களைத் தேடுவேன்: கொசு, மாத்திரை, மருத்துவமனை, தலைவலி, டாக்டர், அக்டோபர். போன முறை ஐந்துக்கு ஒன்றும் வரவில்லை. ஆறாவது, மழைக்காலம் தொடங்கும் மாதத்தைச் சொல்லும் ஒரு படக்குறிப்பில் உட்கார்ந்திருந்தது. படத்துக்குள்ளேயே பதிந்த எழுத்தைத் தேடல் காட்டாது, கண்ணால்தான் பிடித்தேன்.