குவாயக் அட்டையோடு 11 வருடம்: நெகட்டிவ் வந்தால்தான் எனக்கு யோசனை

காட்பாடி பக்கம் ஒரு சின்ன லேபில் 11 வருடமாக மோஷனில் மறைந்த ரத்தம் பார்க்கிறேன். முதலில் குவாயக் அட்டை மட்டும்தான், இப்போது அதே மறைந்த ரத்தத்தை வேறு வழியில் தேடும் எஃப்ஐடி கிட்டும் இருக்கிறது. அட்டை மலிவு, ஒரே நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் அது ரத்தத்தை நேராகப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் உள்ள ஹீம், டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து தாளில் தடவிய குவாயக் பிசினை நீலமாக்குகிறது, அவ்வளவுதான். ஆட்டு ஈரலும் பச்சை முள்ளங்கியும்கூட அதே வேலையைச் செய்யும், அதனால்தான் மூன்று நாள் பத்தியம் சொல்கிறோம். இது பலருக்குத் தெரியும். பொய்யாக வரும் நெகட்டிவைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

போன வருடம் குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், 58 வயது, ஹீமோகுளோபின் 7.8. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், ரத்தம் ஊற இரும்பு மாத்திரை. மலம் கருப்பாகப் போகிறது, அது இரும்பு மாத்திரையால்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அட்டையில் தடவி இரண்டு சொட்டு விட்டேன், 60 நொடி ஆகியும் நீலம் வரவில்லை. ஓரத்தில் இருக்கும் கன்ட்ரோல் புள்ளி மட்டும் பளிச்சென்று நீலமானது.

அட்டை நன்றாகத்தான் இருக்கிறது, நெகட்டிவ் என்று எழுதிவிடலாம். மனசு ஒப்பவில்லை. என் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைத் தண்ணீரில் கலந்து, அந்த அம்மாவின் மல மாதிரியை இன்னொரு அட்டையில் தடவி, அதன் மேல் அந்த ரத்தத்தை வைத்து டெவலப்பர் விட்டேன். அப்போதும் நீலம் இல்லை! ரத்தத்தையே வைத்தும் வரவில்லை என்றால் மாதிரிக்குள் ஏதோ தடுக்கிறது.

"வேற என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?"

"மாத்திரைன்னு ஒண்ணும் இல்ல தம்பி, இது சப்புறதுதான்" என்று பையிலிருந்து ஆரஞ்சு நிற வைட்டமின் சி அட்டையை எடுத்தார். 500 மில்லிகிராம், காலையும் ராத்திரியும், இரும்பு நன்றாகச் சேர வேண்டும் என்று. கூடவே தினமும் நெல்லிக்காய் சாறு. ஒரு நாளைக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினாலே வைட்டமின் சி அந்த நீலத்தை வரவிடாமல் செய்யும். கன்ட்ரோல் புள்ளியில் மலம் படுவதில்லை, அதனால் அது ஒழுங்காக நீலமாகி நம்மை நம்ப வைத்துவிடும்.

சரி, எஃப்ஐடி பார்க்கலாம் என்று போட்டேன், அதுவும் நெகட்டிவ். அதை வைட்டமின் சி தொடாது, பத்தியமும் வேண்டாம், ஆனால் அது தேடுவது ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான மனித குளோபினை. இரைப்பையில் கசிகிற ரத்தத்தின் குளோபின் குடலைக் கடப்பதற்குள் பெரும்பாலும் செரித்துப்போகும். பெருங்குடலுக்கு அது நல்ல டெஸ்ட், மேலே நடப்பது அதற்குத் தெரியாது.

டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அட்டைக்காகக் காத்திருக்காமல் மறுநாளே எண்டோஸ்கோபிக்கு அனுப்பினார். இரைப்பையில் புண், அதிலிருந்து கசிவு.

அதற்கப்புறம் அட்டையைக் கையில் கொடுக்கும் முன் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் சி இருந்தால் மூன்று நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறேன், ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மட்டும் அந்த மூன்று நாளும் வேண்டாம், நேராக டாக்டரிடம்.