மூன்றாக மடித்த பத்திரிகையும் என் ஸ்கேனர் செயலியும்

ஸ்கேனர் செயலியின் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா மாமா என்று தங்கை மகன் கேட்டான். இரண்டு ஆண்டுகளாக எங்கள் வட்டாரக் கோயில்களின் கும்பாபிஷேகப் பத்திரிகைகளை அதில்தான் படமெடுத்து எழுத்தாக்கி வருகிறேன். எழுத்தை அடையாளம் காண்பதில் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் தாளில் மங்கிய சிவப்பு மையைக்கூட வாசித்துவிடுகிறது. எதை முதலில் வாசிப்பது என்பதுதான் அதற்குத் தெரியாது.

மூன்றாக உள்நோக்கி மடித்த ஏ4 தாளை விரித்து வெளிப்பக்கத்தைப் படமெடுத்தால், வலக்கோடியில் முன்னட்டை, நடுவில் பின்னட்டை, இடக்கோடியில் உள்ளே மடிந்து போகும் பகுதி. செயலியோ இடமிருந்து வலமாகப் போகும். ஆகவே என் கோப்புகள் "அன்புடையீர்" என்று தொடங்கி, உபயதாரர் பட்டியலுக்குத் தாவி, கடைசியில்தான் எந்தக் கோயில் என்று சொல்கின்றன.

இதற்கு விதி இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். முன்னட்டை, அதைத் திறந்ததும் வலப்புறம் தெரியும் உள்மடிப்பு, பிறகு உட்பக்கத்தின் மூன்று பகுதிகள், இறுதியில் பின்னட்டை. உள்ளே மடியும் பகுதியை அச்சகத்தார் 2, 3 மில்லிமீட்டர் குறுக்கி வைப்பார்கள். இல்லாவிட்டால் மடிக்கும்போது முட்டும். படம் சற்றுச் சாய்ந்தாலே அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும் என்பதால், கையில் தாள் இருக்கும்போதே அளவுகோல் வைத்துப் பார்த்துவிடுகிறேன். தாள் இல்லாதபோது மடிப்புக்கோடுதான் துணை. வழவழப்பான தாளில் மடிப்பின் வெளிமுகத்தில் மை வெடித்து வெள்ளைக் கீறல் தெரியும். ஒரே பக்கத்தில் இரண்டு கோடுகளும் அப்படி வெடித்திருந்தால் அது வெளிப்பக்கம். பக்கத்துக்கு ஒன்றாக வெடித்திருந்தால் அது விசிறி மடிப்பு. அதில் முன்னட்டையும் பின்னட்டையும் ஒரே பக்கத்தில் வராது.

போன மாதம் வந்த பத்திரிகையில் இந்த விதியும் கவிழ்ந்தது. உட்பக்கத்தின் மூன்றாம் பகுதி, சனி மாலை நான்காம் கால யாகசாலை பூஜையோடு நின்றுவிட்டது. ஞாயிறு காலையைக் காணோம். தேடினால், ஐந்தாம் காலமும் ஆறாம் காலமும் கும்பாபிஷேக நேரமும் உள்மடிப்பில் இருக்கின்றன! உள்ளே இடம் போதாமல் அங்கே தள்ளியிருக்கிறார்கள். விதிப்படி அடுக்கினால் யாகசாலை தொடங்கும் முன்பே குடமுழுக்கு முடிந்துவிடும். இங்கே உள்மடிப்பைக் கடைசிக்கு முந்தியதாக வைத்தேன். பகுதி முடியும் வாக்கியத்தையும் அடுத்தது தொடங்கும் வாக்கியத்தையும் சேர்த்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. செயலியைப் பழிப்பது நியாயமா? பத்திரிகையை அடித்தவரே குழப்பியிருக்கிறார்.

ஆனால் பக்கத்துப் பகுதிகளின் வரிகள் ஒரே மட்டத்தில் வந்தால் இரண்டையும் ஒட்டி ஒரே வரியாக்கிவிடுகிறதே, அதை மன்னிக்கவே முடியாது. "கணபதி ஹோமம் அன்னதானம் ரூ.5,000" என்ற வரியைப் பிரிக்க அரை மணி நேரம் போனது. இப்போது ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வெட்டி, கோப்புப் பெயரில் எண் போட்டு, பிறகே கொடுக்கிறேன். ஆறு பகுதிக்கு ஆறு படம்.

வாங்காதே என்று அவனிடம் சொல்லிவிட்டேன். குறைந்த விலையில் இன்னும் ஓர் ஆண்டுக்கு நான் கட்டியதை மட்டும் சொல்லவில்லை.