இரவு மின்சாரத்தில் பேட்டரியை நிரப்புவதா, வெயிலுக்கு விட்டுவைப்பதா?

பிரிட்டனில் ஆக்டோபஸ் கோ போன்ற மின்கட்டணத் திட்டங்களில் இரவு 12:30 முதல் 5:30 வரை மின்சாரம் மலிவு. கூரை சோலாரையும் பேட்டரியையும் இணைக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. தினமும் இரவில் நூறு சதவீதம் நிரப்பலாம், பாதி நிரப்பி மீதியைச் சூரியனுக்கு விடலாம், கிரிட்டிலிருந்து நிரப்பாமலே இருக்கலாம். எது லாபம் என்பதை இரவு விலை மட்டும் சொல்லாது. அந்த யூனிட் பேட்டரியில் இல்லாவிட்டால் அதன் இடத்தில் எது வந்திருக்கும் என்று பார்க்க வேண்டும்.

கணக்குக்கு இரவு விலை 8.5 பென்ஸ், பகல் விலை 28, கிரிட்டுக்கு விற்றால், அதாவது எக்ஸ்போர்ட்டுக்கு, 15 என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டிலிருந்து ஏற்றித் திரும்ப எடுப்பதற்குள் சுமார் 15 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். அதனால் 8.5 பென்ஸுக்கு வாங்கியது கைக்கு வரும்போது 10 பென்ஸ் ஆகிவிடுகிறது. பேட்டரியின் தேய்மானம் தனி. 2,500 பவுண்டுக்கு வாங்கிய 10 யூனிட் பேட்டரி 6,000 சுற்று ஓடினால், யூனிட்டுக்கு 4 பென்ஸுக்குச் சற்று மேல்.

டிசம்பரில் யோசிக்கவே வேண்டாம். லண்டனில் 4 கிலோவாட் கூரை அப்போது நாளுக்குச் சராசரியாக 3 யூனிட் தந்தால் பெரிது. பேட்டரியில் பயன்படும் 9 யூனிட்டையும் இரவில் நிரப்ப 90 பென்ஸ் ஆகும். அது பகலில் 252 பென்ஸ் செலவைத் தவிர்க்கிறது. தேய்மானம் போனாலும் ஒரு பவுண்டுக்கு மேல் மிச்சம்.

ஜூனில்தான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். "வெயில் இலவசம், இரவில் எதற்கு வாங்க வேண்டும்?" என்பது எக்ஸ்போர்ட் பணம் வராத வீட்டுக்குச் சரி. பணம் வரும் வீட்டில், பேட்டரிக்குள் போகும் வெயில் விற்காமல் விட்ட 15 பென்ஸ். இரவில் 10 பென்ஸுக்கு நிரப்பிக்கொண்டு பகல் வெயிலை முழுவதும் விற்பதே மேல். ஆனால் எக்ஸ்போர்ட்டுக்கு 3.68 கிலோவாட் வரம்பு இருந்து, கூரை 6 கிலோவாட் என்றால், காலையிலேயே நிறைந்த பேட்டரியால் நண்பகல் உற்பத்தி வீணாகும். அங்கே பாதி நிரப்புவதே பொருத்தம்.

டேயே, சன்சிங்க் இன்வெர்ட்டர்களில் இதை `Time Of Use` பக்கத்தில் ஆறு நேரக் கட்டங்களாக அமைக்கிறோம். முதல் கட்டத்தை 00:00-க்கு வைத்தால் நள்ளிரவைத் தாண்டும் குழப்பம் வராது.

```
00:00   15%
00:30  100%  Grid ✔
05:30   15%
11:00   15%
15:00   15%
20:00   15%
```

பேட்டரி இருப்பைக் குறிக்கும் அந்தச் சதவீதத்துக்கு இரண்டு வேலை. `Grid` குறி இருந்தால் அது வரைக்கும் நிரப்பும். குறி இல்லாவிட்டால் அதற்குக் கீழே இறங்க விடாது. பகல் கட்டத்தில் கை தவறி 100% என்று விட்டால், பேட்டரி நிறைந்தபடியே இருக்கும், வீடு கிரிட்டில் ஓடும். இன்னொரு பொறி: கோடையில் இலக்கை 40 என்று வைத்து, பேட்டரி 70-இல் இருந்தால், அந்த மலிவு நேரத்திலேயே 40 வரை வடியும், அதுவும் பெரும்பாலும் மின்சாரக் காருக்குள்.

நிரப்பும் வேகம் பேட்டரி பக்கத்தில் உள்ள `Grid Charge` ஆம்பியரைப் பொறுத்தது. அங்கும் குறி போட்டிருக்க வேண்டும். 51.2 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்றால் ஐந்து மணி நேரத்தில் 10 யூனிட். நிறைவை நெருங்கும்போது பேட்டரியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் 50 வைப்பது நல்லது. அதற்கு மேல் ஏற்றினால் சூடுதான் மிச்சம். 7 கிலோவாட் காரும் அதே நேரத்தில் ஏறினால், வீட்டின் மெயின் ஃபியூஸ் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரம் மாறும்போது இன்வெர்ட்டர் நேரம் தானாக மாறியதா என்று பாருங்கள். ஸ்மார்ட் மீட்டரின் அரைமணி நேரப் பதிவில் 05:30-க்குப் பிறகு 2 கிலோவாட் இழுவை தெரிந்தால், பழி கடிகாரத்தின் மேல்தான்.

இந்தியாவில் கணக்கே வேறு. ஒன்றிய அரசின் 2023 விதிப்படி மலிவு நேரம் பகலில், அதாவது சோலார் மணிகளில். அப்போது வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு. வீடுகளுக்கு உச்ச நேரம் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். யூனிட் 7 ரூபாய் என்றால் 5.60-க்கு வாங்கி, இழப்பு சேர்ந்து 6.60 ஆகி, 7.70-ஐத் தவிர்க்கிறோம், மிஞ்சும் ஒரு ரூபாய் பத்துக் காசைத் தேய்மானமே தின்றுவிடும். தமிழ்நாட்டிலோ வீட்டுக் கட்டணம் இரண்டு மாத யூனிட் அடுக்கில் ஓடுகிறது. அங்கே கிரிட்டில் நிரப்பினால், அந்த 15 சதவீத இழப்பும் மீட்டரில் ஏறி அடுத்த அடுக்குக்குத் தள்ளக்கூடும். மின்வெட்டுக்குத் தயாராக 30–40 சதவீதம் வைத்திருக்க மட்டும் `Grid` குறி போட்டால் போதும்.